“ரா ஃபைல்” என்று கொடுத்தது ஜேபெக்: திருமண ஆல்பத்தில் நடந்தது, கண்டுபிடித்த விதம்

திருமணத்துக்கு முந்தைய அவுட்டோர் ஷூட். ஸ்டுடியோக்காரர் பேசும்போது சொன்னது: “எல்லாம் ராவில்தான் எடுப்போம். வெயில், நிழல் பற்றிக் கவலை வேண்டாம், எடிட்டிங்கில் இழுத்துவிடலாம்.” சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளும் வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பென்டிரைவ் வந்தது. அதில் ‘RAW’ என்ற ஃபோல்டர், உள்ளே நானூற்றுச் சொச்சம் DNG கோப்புகள். பக்கத்திலேயே எடிட் செய்த படங்கள்.

படங்களைப் பார்த்ததும் தெரிந்த குறை இது. பகல் பதினொன்றரை மணி, வேப்பமரத்தடி. இலை இடுக்கில் விழுந்த வெயில் பெண்ணின் நெற்றியில் ஒரு திட்டாக இருக்கிறது. எடிட் செய்த படத்தில் அந்தத் திட்டு காக்கித் துணியை ஒட்டவைத்தது போலப் பச்சையோடிய சாம்பல் நிறம். தாடைக்குக் கீழே நிழலில் கட்டம் கட்டமாகச் சிவப்பும் பச்சையும் கலந்த திட்டுகள். பின்னலும் கறுப்புப் பின்னணியும் ஒரே கரிக்கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. கேட்டதற்கு வந்த பதில்: “அன்றைக்கு வெயில் அதிகம், ராவிலேயே அவ்வளவுதான் வரும்.”

அது பொய். பொய் என்று சொல்ல அந்த நெற்றித் திட்டே போதும்.

எடிட் செய்யாத கோப்பில், நிழலில் இருக்கும் கன்னத்தின் பிக்சல் மதிப்பு சிவப்பு 198, பச்சை 148, நீலம் 116. நல்ல மாநிறம். வெயில் பட்ட நெற்றியில் சிவப்பு 255, பச்சை 251, நீலம் 198. தோல் அதே தோல்தான், ஆகவே மூன்று நிறங்களின் வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருக்கவேண்டும். அந்த விகிதப்படி, பச்சை 251 வரை ஏறியிருந்தால் சிவப்பு 255-ஐத் தாண்டிக் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், மேலே போயிருக்கவேண்டும். ஜேபெக்கில் 255-க்கு மேல் இடம் கிடையாது. அதனால் சிவப்பு அங்கேயே முட்டி நின்றுவிட்டது, பச்சை மட்டும் ஏறி அதைப் பிடித்துவிட்டது. சிவப்பும் பச்சையும் சமமானால் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள். நலங்கு வைத்த மறுநாள் போல நெற்றி மட்டும் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஜேபெக்கின் எண் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை; வெளிச்சம் பாதியானால் 255 என்பது 188 ஆகும். ஆகவே இந்த ஜேபெக்கை ஒரு ஸ்டாப் இறக்கினால் நெற்றி 188, 185, 145 என்று ஆகும். காக்கி நிறம். முட்டி நின்ற சிவப்பும் மற்ற இரண்டோடு சேர்ந்தே இறங்கியதால் தோலின் நிறம் செத்துவிட்டது. சிவப்பு வெட்டுப்படாத கோப்பாக இருந்து அதே ஒரு ஸ்டாப் இறக்கியிருந்தால் 246, 185, 145 கிடைத்திருக்கும். அது வெயில் பட்ட மாநிறத் தோல். பச்சையும் நீலமும் இரண்டிலும் ஒன்றே. சிவப்பு மட்டும்தான் வேறு. இது கேமராவின் டோன் கர்வைச் சேர்க்காத எளிய கணக்கு. நிஜக் கோப்பில் எண்கள் சற்று முன்பின் இருக்கும், போக்கு இதுவேதான்.

ராவில் சிவப்பு ஏன் வெட்டுப்படாமல் இருக்கும்? சென்சாரில் சிவப்பு, நீலப் புள்ளிகளைவிடப் பச்சைப் புள்ளிதான் பகல் வெளிச்சத்தை அதிகம் வாங்குகிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட, கேமரா சிவப்பைப் பகலில் ஏறத்தாழ இரண்டால் பெருக்குகிறது. ஜேபெக் உருவாகும்போது இந்தப் பெருக்கலில்தான் சிவப்பு உச்சியைத் தாண்டி வெட்டுப்படுகிறது. ரா கோப்பில் இருப்பது பெருக்குவதற்கு முந்தைய எண். அங்கே நெற்றியின் சிவப்பு இன்னும் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. போர்ட்ரெய்ட்டில் ரா காப்பாற்றுவது பெரும்பாலும் தோலின் சிவப்பைத்தான். பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சென்சாருக்கே சிவப்பு நிறைய வந்துசேரும், பெருக்கலும் குறைவு. அதனால் மண்டபத்துக்குள் எடுத்த ராவில் இந்தச் சலுகை பகலில் இருக்கும் அளவுக்கு இருக்காது.

நிழல் பக்கத்துக் கணக்கு வேறு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. மொத்த எண்ணைவிட அவை எங்கே குவிந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். உச்சியிலிருந்து ஏழாவது ஸ்டாப், அதாவது தாடைக்குக் கீழ் நிழலும் கூந்தலும் விழும் இடம், ஜேபெக்கில் 22-லிருந்து 34 வரை, பன்னிரண்டே படிகள். ராவில் அதே ஸ்டாப்புக்கு 128 படிகள். பன்னிரண்டு படிகளை மூன்று ஸ்டாப் தூக்கினால் நடுவில் இட்டு நிரப்ப ஒன்றும் இல்லை, வழுவழுவென்று மாறவேண்டிய நிழல் படிக்கட்டாக உடைகிறது. இதோடு ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துகிறது. பெரும்பாலும் நிறத்தை இரண்டு அல்லது நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவே சேமிக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத அந்தக் கட்டங்களும் நிறத் திட்டுகளும் நிழலைத் தூக்கியதும் மேலே வருகின்றன. கேமராவே செய்த நாய்ஸ் குறைப்பு மயிரிழைகளை முன்பே மெழுகிவிட்டிருக்கும், அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆக, எடிட் செய்த படத்தில் தெரிந்த இரண்டு குறைகளுமே ஜேபெக்கின் கைரேகை. ஆனால் ஃபோல்டரில் இருந்தவை DNG ஆயிற்றே?

DNG என்பது ஒரு உறை. கேமராவின் ராவையும் அதில் போடலாம். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்து DNG-ஆக மாற்றியும் போடலாம். உறை மாறினாலும் உள்ளே இருப்பது வெட்டுப்பட்ட அதே 256 படிகள்தான். கோப்பின் அளவைப் பார்த்தும் ஏமாறவேண்டாம். 24 மெகாபிக்சல் ஜேபெக்கை 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றினால் 144 எம்பி வரும், உண்மையான ராவைவிடப் பல மடங்கு பெரிது. சின்னக் கிண்ணத்து ரசத்தை அண்டாவில் ஊற்றினால் ரசம் கூடிவிடாது.

லைட்ரூமில் கோப்பைத் திறந்து வெள்ளைச் சமநிலைப் பட்டியலைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உண்மையான ரா என்றால் Daylight, Cloudy, Shade, Tungsten என்று வரிசையாக இருக்கும், Temp ஸ்லைடரில் 5500 போன்ற கெல்வின் எண் தெரியும். ஜேபெக்கிலிருந்து வந்ததென்றால் As Shot, Auto, Custom மூன்றுதான்; Temp −100 முதல் +100 வரை ஓடும். நானூறு கோப்பும் இப்படித்தான் இருந்தன. உறுதிசெய்ய, கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் இந்தக் கட்டளை:

```
exiftool -a -G1 -PhotometricInterpretation DSC_0187.dng
```

சென்சாரின் மூலத் தரவு உள்ளே இருந்தால் ஒரு வரியிலாவது `Color Filter Array` என்று வரும். இங்கே ஒரு கோப்பிலும் வரவில்லை. நியாயமாகச் சொன்னால் ஒன்றைச் சேர்க்கவேண்டும்: பல ராக்களை HDR-ஆக இணைத்துச் சேமித்த DNG-யிலும் அந்த வரி இருக்காது. ஆனால் நானூறு படத்தையும் யாரும் அப்படி இணைப்பதில்லை.

இந்த இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய பிறகுதான் உண்மை வந்தது. அன்று கார்டில் இடம் போதாதென்று ஜேபெக்கில் மட்டும் எடுத்திருக்கிறார்கள். ராவுக்கென்று வாங்கிய பணத்தைத் திருப்பினார்கள். ஜேபெக்கில் எடுப்பது குற்றமில்லை; வெளிச்சத்தைச் சரியாக அளந்து எடுக்கத் தெரிந்தவர்கள் ஜேபெக்கிலேயே அருமையாகக் கொடுக்கிறார்கள். “எடிட்டிங்கில் இழுத்துவிடலாம்” என்று சொல்லி அளக்காமல் எடுத்துவிட்டு, ஜேபெக்கை உறை மாற்றி ரா என்று விற்றதுதான் மோசடி.

மறுபக்கத்துப் பொய்யும் ஒன்று உண்டு: ரா இருந்தால் எது போனாலும் வரும் என்பது. இதே ஷூட்டில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளில் நேர்வெயில். வெள்ளைத் துணியில் சென்சாரின் பச்சைதான் முதலில் நிரம்பும். அது மட்டும் நிரம்பியிருந்தால் மென்பொருள் மற்ற இரண்டை வைத்து ஊகித்து மடிப்புகளைக் கொஞ்சம் மீட்கும். மூன்றும் நிரம்பிவிட்டால் ராவிலும் ஒன்றும் இல்லை, Highlights-ஐ −100 வரை இழுத்தாலும் கிடைப்பது சாம்பல் அட்டை. அதை வெள்ளையாகவே விட்டுவிடுவது நல்லது. நிழலிலும் அப்படித்தான்: ISO 100-இல் எடுத்த ராவை மூன்று ஸ்டாப் தூக்கலாம், ISO 6400-இல் எடுத்ததைத் தூக்கினால் நாய்ஸ்தான் மேலே வரும்.

ஒப்பந்தம் பேசும்போது “ரா தருவோம்” என்பதோடு விடாமல், கேமரா எழுதிய மூலக் கோப்பு என்று எக்ஸ்டென்ஷனோடு எழுதி வாங்குங்கள். கேனான் என்றால் CR3 அல்லது CR2, நிகான் என்றால் NEF, சோனி என்றால் ARW. இந்தக் கேமராக்களில் எடுத்துவிட்டு DNG மட்டும் தருகிறோம் என்றால் மேலே சொன்ன சோதனையைச் செய்துபார்க்காமல் மீதிப் பணம் கொடுக்கவேண்டாம். ஷூட் தொடங்கும்போது கேமராவின் படத் தர மெனுவில் RAW அல்லது RAW+JPEG இருக்கிறதா என்று காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம், பத்து விநாடி வேலை.

ஏற்கெனவே ஜேபெக் மட்டும் கையில் மாட்டியவர்களுக்கு: நெற்றித் திட்டை இறக்காதீர்கள், இறக்கினால்தான் காக்கி ஆகிறது. ஃபோட்டோஷாப்பில் புது லேயர் போட்டு, கலப்பு முறையை Color என்று மாற்றி, வெட்டுப்படாத கன்னத்திலிருந்து நிறம் எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் 30, 40 சதவீத ஒளிபுகா அளவில் திட்டின் மேல் பூசுங்கள். மஞ்சள் போய் வெயில் பட்ட தோல் போலத் தெரியும். தோலின் இழை திரும்பாது; வழுவழுப்பு உறுத்தினால் மேலே கொஞ்சம் கிரெய்ன் தூவலாம். தாடை நிழலை ஒரு ஸ்டாப்புக்கு மேல் தூக்கவேண்டாம், அதற்கு மேல் போனால் கட்டங்கள் எட்டிப்பார்க்கும்.

பென்டிரைவ் கைக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள். உண்மையான ரா ஸ்டுடியோவிலேயே இருக்க, தவறுதலாக ஜேபெக்கை மாற்றிக் கொடுத்திருந்தால்கூட, அடுத்த முகூர்த்தத்துக்குள் கார்டை ஃபார்மட் செய்துவிடுவார்கள்.