வெட்டுக்காயத்துக்கு அரைத்த மஞ்சளா, குழாய்த் தண்ணீரும் கட்டுமா?

அரிவாள்மனையில் முருங்கைக்காய் நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் இரண்டு செ.மீ. நீளத்துக்கு வெட்டு விழுகிறது. ஒரு வீட்டில் பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்து அப்பித் துணி சுற்றுகிறார்கள். இன்னொரு வீட்டில் குழாயடியில் கழுவிக் கட்டுப் போடுகிறார்கள். காயம் ஒன்றே என்று வைத்து இரண்டையும் பார்ப்போம்.

முதலில் இரத்தம். மஞ்சள் வைத்ததும் நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தியது பெரும்பாலும் அதை வைத்து அழுத்திய கை. காப்பித்தூள் வைத்தாலும் நிற்பது இதனால்தான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி, பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் சிறு வெட்டில் இரத்தம் நின்றுவிடும். நின்றதா என்று இடையிடையே துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறைந்தது பிய்ந்துவிடும்.

அடுத்தது அழுக்கு. இரண்டு வழிகளும் பிரிவது இங்கேதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஆய்வகத்தில் சில கிருமிகளை அடக்குகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. காயத்தில் ஊறுவதோ பெரும்பாலும் தண்ணீர். அப்பிய விழுதிலிருந்து எவ்வளவு குர்குமின் கிருமியைத் தொடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதே சமயம் மஞ்சள் மண்ணுக்குள் விளையும் கிழங்கு. டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியின் கிருமி வித்துகளும் மண்ணில்தான் இருக்கின்றன. தோலைச் சீவினாலும் கத்தி, அம்மி, அரைத்த கை எல்லாம் சேர்ந்தே காயத்துக்குள் போகின்றன. கடைத்தூள் இன்னும் மோசம்: நிறத்துக்காக ஈய குரோமேட் கலந்த தூள் பிடிபட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விழுது உள்ளே இருக்கும் அழுக்கை வெளியேற்றாது, மூடித்தான் வைக்கும்.

தண்ணீர் அதை வெளியே தள்ளும். முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தை ஐந்து நிமிடமாவது பிடியுங்கள். மண் ஒட்டியிருந்தால் பத்து நிமிடம். குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். கலங்கல் தண்ணீர்தான் வருகிறதென்றால், கொதித்து ஆறியதைப் பாட்டிலில் ஊற்றி, மூடியில் சிறு துளையிட்டுப் பீய்ச்சலாம். சோப்பு காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு, உள்ளே வேண்டாம். ஸ்பிரிட்டையும் தண்ணீர் கலக்காத டெட்டாலையும் காயத்துக்குள் ஊற்றினால், அவை ஆற வேண்டிய திசுவையும் சேர்த்தே பொசுக்கும். எரிச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது, மூடுவது. காற்றுப்பட்டுக் காய்ந்தால் சீக்கிரம் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த ஆய்வில், மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்கள், திறந்து விட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத் தோலால் மூடின. காய்ந்த மஞ்சள் பத்து இதற்கு நேர்மாறானது: ஈரத்தை உறிஞ்சி ஓடுபோல இறுகும், பிய்க்கும்போது புதுத் தோலையும் இழுத்து வரும். எனவே ஒற்றித் துடைத்து, வாசலினை மெல்லிசாகத் தடவி, ஒட்டாத காஸ் வைத்து, பிளாஸ்திரி போடுங்கள். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். நாளுக்கு ஒருமுறை, நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

'அமெரிக்கக்காரனே காப்புரிமை எடுத்தானே' என்பவர்களுக்கு ஒரு செய்தி. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் தரப்பட்ட அந்தக் காப்புரிமை, இந்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்ததால் 1997-இல் ரத்தானது. இது புதிதல்ல, பழைய வழக்கம் என்பதே காரணம். பலன் உண்டா என்பது அங்கே விசாரிக்கப்பட்ட கேள்வியே அல்ல.

மஞ்சளின் இன்னொரு தொல்லை அதன் நிறம். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவதும், சீழின் மஞ்சளும் அதில் மறைந்துபோகும். தையல் போட வேண்டியிருந்தால் மருத்துவர் முதலில் அந்தப் பத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும்; அது நோயாளிக்குத்தான் வலி.

தையல் வேண்டுமா என்பதை இப்படிப் பாருங்கள். வெட்டின் விளிம்புகள் வாய் பிளந்து நிற்கின்றனவா? விரலை மடக்க, நீட்ட முடிகிறதா? நுனியில் தொடுவுணர்வு இருக்கிறதா? பத்து நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் இரத்தம் வருகிறதா? இவற்றில் எது கோளாறாக இருந்தாலும் அன்றே போக வேண்டும். நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம். ரணஜன்னித் தடுப்பூசித் தவணைகளை முழுதாகப் போட்டவருக்கு, சுத்தமான சிறு வெட்டென்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுக்குள் மறு ஊசி தேவையில்லை. மண், சாணம், துருப்பிடித்த ஆணி என்றால் அந்தக் கணக்கு ஐந்து ஆண்டு. முன்பு போட்டது நினைவில்லையென்றால் போட்டுக்கொள்வதே சரி.

நாய்க்கடியில் மஞ்சளும் மிளகாயும் அப்புவது தனி ஆபத்து. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும் பதினைந்து நிமிடம், பிறகு நேராக வெறிநாய்க்கடி ஊசிக்கு.