டிபிஎம், செக்யூர் எலிமெண்ட், எச்எஸ்எம்: எடைமேடையில் நான்கு வருடம்

சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் ஒரு மையத்துக்கு எடைச்சீட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. லோரி மேடையில் நின்றதும் எடை பதிவாகி, மின்கையொப்பத்தோடு சீட்டு வரும். பிறகு யாராவது எண்ணை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. இந்த ஒரு வேலைக்கே மூன்று வகைச் சில்லுகளும் தேவைப்பட்டன. மூன்றும் கையொப்பமிடவோ வட்டைத் திறக்கவோ வேண்டிய ரகசியச் சாவியைக் காப்பவைதான். ஆனால் சில்லு செத்துப்போனால் அந்தச் சாவி என்ன ஆக வேண்டும் என்று கேட்டால், மூன்றுக்கும் மூன்று பதில்.

அலுவலக மடிக்கணினியில் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் ஏற்கனவே இருந்தது, தனிச் செலவில்லை. கணினி வழக்கம்போலத் துவங்கினால் மட்டுமே, விண்டோஸில் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கரின் சாவியை அது விடுவிக்கும். தனிச் சில்லாக இருக்கும் டிபிஎம்மில் ஒரு ஓட்டை உண்டு: சாவி பலகையின் கம்பித்தடம் வழியாகத்தான் செயலிக்குப் போகிறது. 2024இல் ஓர் ஆய்வாளர் மலிவான பைக்கோ பலகையை வைத்து, பழைய மடிக்கணினி ஒன்றில் அதை 43 வினாடியில் பிடித்துக் காட்டினார். கணினி துவங்கும்போதே கேட்கும் PIN எண் ஒன்றை வைத்தால் இந்த வழி அடைபடும். முதலில் குரூப் பாலிசியில் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டு, இப்படிச் சேர்த்தேன்:

```
manage-bde -protectors -add C: -TPMAndPIN
manage-bde -protectors -get C:
```

இரண்டாவது கட்டளையின் பட்டியலில் வெறும் TPM என்ற வரி தனியாக மிச்சமிருக்கக் கூடாது. போன வருடம் கடையில் தாய்ப்பலகையை மாற்றினார்கள், பழைய டிபிஎம்மும் அதோடு போனது. பெட்டகத்தில் தாளில் எழுதி வைத்திருந்த 48 இலக்க மீட்பு எண்ணால்தான் வட்டு திறந்தது.

எடைமேடைப் பெட்டிக்குள் இருப்பது செக்யூர் எலிமெண்ட், மைக்ரோசிப்பின் ஏடிஇசிசி 608. விலை ஒரு டாலரை ஒட்டித்தான், தபால் செலவு அதைவிட அதிகம். பெட்டி வெட்டவெளியில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் கழற்றலாம். கழற்றினாலும் சாவி கிடைக்காது. அது சில்லுக்குள்ளேயே பிறந்தது, வெளியே எடுக்கக் கட்டளையே கிடையாது. சீட்டின் 32 பைட் ஹாஷ் சுருக்கத்தைக் கொடுத்தால் 64 பைட் கையொப்பம் வரும்.

சிக்கல், சில்லு எதைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அமைப்புப் பகுதியில்தான். அதைப் பூட்டினால்தான் சாவி உருவாக்க முடியும், பூட்டியதைத் திறக்கவே முடியாது. முதல் ஐந்து சில்லுகளில், சாவி இருக்கும் இடத்தின் SlotConfig-இல், வெளியிலிருந்து வரும் தரவுக்குக் கையொப்பமிட அனுமதிக்கும் பிட்டை 1 ஆக்காமலே பூட்டிவிட்டேன். சாவி உருவானது, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியும் வந்தது. கையொப்பம் கேட்டபோது மட்டும் 0x0F என்ற பிழை. ஒரு நாள் முழுக்க வயரிங்கைச் சந்தேகப்பட்டேன். ஐந்தையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அப்புறம் எப்போதும் ஒரு சில்லில் முழுச் சோதனை முடித்துத்தான் மற்றவற்றைப் பூட்டுகிறேன்.

ஒரு மழை நாளில் இடி விழுந்து பெட்டி கருகியது. கணக்குப் பார்க்கும் அக்கா, “தம்பி, சீட்டே வரலை, வெளியே நாலு லோரி நிக்குது” என்று கூப்பிட்டார். புதுப் பெட்டி, புதுச் சாவி. அதன் பொதுச்சாவியைப் பதிந்ததும் வேலை ஓடியது. பழைய பொதுச்சாவியைத் தேதியோடு வைத்திருந்ததால் பழைய சீட்டுகளும் சரிபார்க்கப்பட்டன. ஆகவே இந்தச் சாவிக்கு நகல் தேவையில்லை.

ஆனால் பெட்டிகளின் மென்பொருள் புதுப்பிப்புக்குக் கையொப்பமிடும் சாவி அப்படியல்ல. அது தொலைந்தால் எந்தப் பெட்டியையும் புதுப்பிக்க முடியாது. திருடு போனால் யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளை ஏற்றலாம். வெளியே கசியவும் கூடாது, நகலும் வேண்டும். இதற்குத்தான் எச்எஸ்எம் என்ற தனிக் கருவி. வங்கிகளும் சான்றிதழ் வழங்குவோரும் வைத்திருக்கும் பெரிய கருவிகள் பல்லாயிரம் டாலர். எனக்கு யூபிஎச்எஸ்எம் 2 போதுமாக இருந்தது, 650 டாலர். சாவியை உருவாக்கும்போதே exportable-under-wrap அனுமதி கொடுத்திருந்தால், மறையாக்கம் செய்த நகலாக மட்டும் அது வெளியே வரும். அதைத் திறக்கும் சாவியை மூன்று துண்டாக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் போதும் என்று வைத்தேன். ஒன்று முதலாளியிடம், ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம். மீட்டெடுத்துப் பார்க்க இரண்டாவது கருவி வாங்கியதால் செலவு இரட்டிப்பானது. அதில் எனக்கு வருத்தமில்லை, மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

இவை எதுவும் எடையைக் காக்காது. ஒரு நாள் ஒரு தோட்டக்காரர் சீட்டோடு வந்தார். “தம்பி, போன வாரமும் இதே லோரிதான், இதே அளவுதான் ஏத்தினேன். எப்படி இவ்வளவு குறையும்?” கையொப்பம் சரியாகவே இருந்தது. முன்சக்கரம் மேடையின் விளிம்புக்கு வெளியே நின்றிருக்கிறது. சில்லு தனக்கு வந்த எண்ணுக்கு ஒழுங்காகக் கையொப்பமிட்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது எடை எடுக்கும் நொடியில் கேமரா மேடையைப் படம் பிடிக்கிறது. அந்தப் படத்தின் ஹாஷும் கையொப்பமிடும் சுருக்கத்துக்குள் சேர்கிறது. அந்தத் தோட்டக்காரருக்கு மறுபடி எடை போட்டு, விடுபட்ட பணத்தை மையம் கொடுத்தது.