பேப்பர் மேல ஸ்கேல வச்சு அளந்து என் 27,400 ரூபாய காலி பண்ணிட்டாங்க, வீடு கட்டுறவங்க தயவுசெஞ்சு படிங்க

செவ்வாய்க்கிழமை நடந்தது இது, இன்னும் கை நடுங்குது. 27,400 ரூபாய். வெளிநாட்டுல இருந்து வீட்டுக்காரர் அனுப்புன காசு. கடை பேர் போட வேணாம்னு அவர் சொல்லிட்டாரு, அதனால பைபாஸ் ஓரமா இருக்கற கண்ணாடி, அலுமினியம் வேல செய்ற ஒரு பெரிய கடைன்னு மட்டும் சொல்றேன். ஊர்ல பாதி பேர் அங்கதான் போறாங்க, அந்த நம்பிக்கையிலதான் நானும் போனேன்.

எங்களது 30க்கு 40 மனை. மாடிப்படி ஏறுற இடத்துல வெளிச்சத்துக்காக திறக்காத ஒரே பெரிய கண்ணாடி வைக்கணும்னு பிளான். எல்லா கதவு ஜன்னலுக்கும் டிராயிங்ல அளவு போட்டிருந்துச்சு, இந்த ஒண்ணுக்கு மட்டும் உயரம் 4 அடின்னு இருக்கு, அகலம் எழுதல. கோடு மட்டும் போட்டு விட்டுட்டாங்க. நான் கடையில அதத்தான் முதல்ல கேட்டேன், இதுக்கு அளவு இல்லயே தம்பி, நீங்க சைட்டுக்கு வந்து டேப் பிடிச்சு எடுத்துக்கறீங்களான்னு. அந்தப் பையன் என் போன்ல இருந்த பிடிஎஃப்ப வாட்ஸப்ல வாங்கி அவங்க கடை பிரிண்டர்லயே ஒரு ஏ4ல எடுத்தான். கவுண்டர்ல விரிச்சான், பில் புக் பக்கத்துல கெடந்த பிளாஸ்டிக் ஸ்கேல எடுத்து அந்தக் கோட்டு மேல வச்சான். "23 மில்லி இருக்குக்கா. கீழ பாருங்க, ஸ்கேல் 1:100ன்னு இன்ஜினியரே போட்டிருக்காரு. நூறால பெருக்குனா 2300. முடிஞ்சுச்சு, இதுக்கு எதுக்கு சைட்டுக்கு வரணும், நாங்க தெனம் பண்றதுதான்"னான்.

அந்த நிமிஷம்தான் நான் நம்புனது. பேப்பர்ல 1:100ன்னு அச்சுல இருக்கு, என் கண்ணு முன்னாடி அளக்கறான், கணக்கு சரியாத்தான் வருது, நான் என்னத்த சந்தேகப்பட முடியும் சொல்லுங்க. 10,000 அட்வான்ஸ் குடுத்தேன். பில்லுல 2300ன்னு மில்லிமீட்டர்லதான் எழுதுனான், எனக்கு அடியில சொன்னாத்தான் மனசுல நிக்கும், அதனால அது எட்டடிய விடக் கம்மின்னு எனக்கு உறைக்கவே இல்ல.

செவ்வாய் காலைல லோடு ஆட்டோல வந்துச்சு. பத்து மில்லி டஃபன்டு கிளாஸ், எழுபது கிலோகிட்ட இருக்கும், நாலு பேர் பிடிச்சு இறக்குனாங்க. இறக்கறதுக்கு முன்னாடியே மிச்சம் 17,400ஐ வாங்கிட்டாங்க. மேல கொண்டு போய் வச்சா அஞ்சு இன்ச் இடைவெளி. மேஸ்திரி டேப் பிடிச்சாரு, பூச்சு முடிஞ்ச சுவருக்கு சுவர் 2430 மில்லி. கண்ணாடி 2300. 130 மில்லி பத்தல.

உடனே கடைக்கு போன் போட்டேன். முதல்ல "மேஸ்திரி சுவர தப்பா கட்டிருப்பாருக்கா"ன்னான். மேஸ்திரியே போன வாங்கி டிராயிங் படிதான் கட்டிருக்குன்னு சொன்னதும் "ஓனர் வெளிய போயிருக்காரு"ன்னு வச்சுட்டான். சாயங்காலம் நேர்ல போனேன். ஓனர் மொகத்தக் கூடத் தூக்கல, "மேடம் நீங்க குடுத்த டிராயிங், நீங்க குடுத்த ஸ்கேல், நாங்க அதத்தான் செஞ்சோம், ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரை இன்ச் சிமெண்ட் வச்சு இழுத்துக்கங்க"ங்கறாரு. அந்த அளவு சிமெண்ட மொத்தமா அப்புனா வெடிப்பு விழாம நிக்காதுன்னு மேஸ்திரி சொல்றாரு. சரி கண்ணாடிய திருப்பி எடுத்துக்கங்க, பாதியாவது குடுங்கன்னு கேட்டேன். டஃபன் பண்ணுன கண்ணாடிய வெட்ட முடியாது மேடம், ஒரு ஓட்ட கூட போட முடியாது, தொட்டா தூளாகிடும், இத நான் யாருக்கு விக்கறதுன்னாரு. அது உண்மைதான், 600 டிகிரிக்கு மேல சூடாக்கி டக்குனு குளிர வைக்கறதால அளவெல்லாம் முன்னாடியே வெட்டிட்டுத்தான் சூளைக்கே அனுப்புவாங்க. அது தெரிஞ்சவங்கதான இன்னும் ஜாக்கிரதையா அளந்திருக்கணும்? சூளைக்குள்ள போயிட்டா திருத்த முடியாத ஒரு பொருளுக்கு பில் புக் பக்கத்துல கெடக்கற ஸ்கேலா?

புதன்கிழமை இன்னொரு தடவ போனேன், உக்காரக் கூட சொல்லல. பிளான் போட்டுக் குடுத்தவருக்கு போன் பண்ணுனா அவரு "எழுதாத அளவ சைட்லதான் எடுக்கணும், ஓரத்துல நோட்டே இருக்கே"ன்னாரு. எடுத்துப் பாத்தேன், பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கு, எழுதியிருக்கற அளவ மட்டும் எடுத்துக்கணும், டிராயிங்க ஸ்கேல் வச்சு அளக்கக் கூடாதுன்னு. தெனம் பண்றோம்னு சொன்ன கடைக்காரனுக்கு அது தெரியாதா?

எங்க தெருவுல பொதுப்பணித்துறைல ஓவர்சியரா இருந்து ரிட்டயர்டு ஆன மாமா ஒருத்தர் இருக்காரு. அன்னைக்கு ராத்திரி அந்த பிரிண்ட எடுத்துட்டு அவர்கிட்ட போனேன். அவரு அந்த 1:100 பக்கம் திரும்பிக் கூட பாக்கல. "இத விடும்மா. இது அவர் கம்ப்யூட்டர்ல போட்டப்ப இருந்த ஸ்கேல். இந்த பேப்பரோட ஸ்கேல் என்னன்னு பேப்பரையே கேக்கணும்"ன்னாரு.

எப்படின்னா, அளவு எழுதியிருக்கற கோடு ஒண்ண எடுக்கணும், இருக்கறதுலயே நீளமானத. எங்க மனையோட 40 அடி பக்கம் அப்படி. 40 அடின்னா 12192 மில்லி. நெசமாவே 1:100ஆ இருந்தா பேப்பர்ல அது 121.9 மில்லி இருக்கணும். அவரோட பழைய ஸ்டீல் ஸ்கேல வச்சு, லைட்டுக்கு நேரா குனிஞ்சு, முனையில இருந்து வைக்காம 10வது கோட்டுல இருந்து வச்சு அளந்தாரு, முனை தேஞ்சிருக்கும்னு. வந்தது 114.6. ஏழு மில்லிக்கு மேல காணோம்! 12192ஐ 114.6ஆல வகுத்தா 106.4. அதாவது இந்த பேப்பர் 1:100 இல்ல, 1:106.4. அப்புறம் குறுக்கால 30 அடி பக்கத்தையும் அளந்தாரு, 86 மில்லி, அதுவும் 106ஐ ஒட்டியே வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஏன்னு கேட்டேன். சில ஜெராக்ஸ்ல நீளம் ஒரு மாதிரி, அகலம் ஒரு மாதிரி சுருங்குமாம், அப்போ எந்தத் திசையில அளக்கறமோ அந்தத் திசையோட கணக்கத்தான் போடணுமாம். இன்னொன்னும் சொன்னாரு, சில பேர் டிராயிங்ல கோட்ட நகர்த்தாம நம்பர மட்டும் மாத்தி எழுதிடுவாங்க, அதனால ஒரே ஒரு கோட்ட நம்பக் கூடாது, மூணு நாலு அளவு பாக்கணும், எது மட்டும் தனியா விலகி நிக்குதோ அதுல ஏதோ வில்லங்கம்.

இப்ப என் கண்ணாடிக் கோட்டுக்கு வந்தாரு. அந்தப் பையன் 23ன்னு சொன்னது நல்லா உத்துப் பாத்தா 22.9. அத 106.4ஆல பெருக்குனா 2437. எட்டடி. சுவர்ல டேப் காட்டுனது 2430. அதப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது பாருங்க. அந்தக் கடைக்காரன் அதே ஸ்கேல இன்னொரு கோட்டு மேல ஒரே ஒரு தடவ வச்சுப் பாத்திருந்தா என் 27,400 ரூபா போயிருக்காது.

ஏன் சுருங்குச்சுன்னா, பிரிண்ட் எடுக்கறப்ப `Fit`னு ஒண்ணு இருக்கும்ல, பெரும்பாலும் அதுலதான் கெடக்குமாம். பேப்பர் ஓரம் வரைக்கும் பிரிண்டரால மை அடிக்க முடியாது, ஓரத்துல இடம் விடணும், அதுக்காக மொத்தப் படத்தையும் கொஞ்சம் சின்னதாக்கிடும். எங்களது 94 பர்சன்ட் ஆயிருக்கு. `Actual size`னு மாத்தி எடுத்திருந்தா சரியா வந்திருக்கும். படம் சின்னதானாலும் அதுல எழுதியிருக்கற 1:100ங்கற எழுத்து மாறாதுல்ல, அதுதான் ஏமாத்துது. டிராயிங் அடியில கட்டம் கட்டமா ஸ்கேல் பார் போட்டிருந்தா அது படத்தோடவே சேந்து சுருங்கும், அத நம்பலாம். எங்களதுல அதுவும் இல்ல.

நான் கேட்டேன், அப்ப 2437ன்னே ஆர்டர் குடுத்திருந்தா சரியாப் போயிருக்குமா மாமான்னு. அவரு தலைய ஆட்டிட்டாரு. இந்த பேப்பர்ல அரை மில்லி கண்ணு தப்புனா சுவர்ல 53 மில்லி, ரெண்டு இன்ச். கோட்டோட தடிமனே கால் மில்லி இருக்கும், கோட்டு உள்பக்கம் பிடிச்சியா வெளிப்பக்கம் பிடிச்சியாங்கறதுலயே ஒரு இன்ச் போயிடும். நமக்கு ஏழு மில்லிக்குள்ள வந்தது தற்செயல்தான்னாரு. அதனாலதான் நீளமான கோட்ட வச்சு ஸ்கேல் கண்டுபிடிக்கறது, 114 மில்லில அரை மில்லி தப்புனா அரை பர்சன்ட் கூட இல்ல, அதே 3 அடிக் கதவ வச்சுக் கண்டுபிடிச்சா அது பேப்பர்ல எட்டரை மில்லிதான், அங்க அரை மில்லி தப்புனா கிட்டத்தட்ட ஆறு பர்சன்ட் போயிடும். இப்படி அளக்கறது டைல்ஸ் எவ்வளவு பெட்டி வாங்கலாம், பெயின்ட் எவ்வளவு ஆகும், கட்டில் போட்டா நடக்க இடம் இருக்குமான்னு பாக்க சரி. கண்ணாடிக்கு, கிரானைட்டுக்கு, கிச்சன் கபோர்டுக்கு பூச்சு முடிஞ்ச சுவர்ல டேப்தான், அதுவும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல எடுத்து கம்மியா இருக்கறத வச்சுதான் குடுக்கணும்.

இன்னைக்கு காலைல இந்த கணக்கெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு மறுபடி கடைக்குப் போனேன், அந்த 106.4ஐ ஓனர்கிட்ட காட்டுனேன். பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. அப்புறம் "சரி மேடம், புதுசு ஆர்டர் குடுத்தா 1,500 கொறச்சுக்கறேன்"னாரு. 27,400 போனதுக்கு 1,500! அதுவும் திரும்ப அவங்ககிட்டயே காசு குடுத்தா!

நெறைய எழுதணும்னு வந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இது மட்டும். யாராவது பேப்பர் மேல ஸ்கேல வச்சா உடனே அளவு எழுதுன வேற கோட்டு மேலயும் வைக்கச் சொல்லுங்க, ஒத்து வரலன்னா பேப்பர வாங்கிட்டு வந்துடுங்க. போன்ல போட்டோ எடுத்து அனுப்புன டிராயிங்ல அளக்கவே விடாதீங்க, சாஞ்சு எடுத்திருந்தா ஒரு பக்கம் ஒரு ஸ்கேல், இன்னொரு பக்கம் வேற ஸ்கேல். பில்லுல அடியிலயும் எழுதி வாங்குங்க, "சைட்டில் அளந்தது"ன்னு ஒரு வரி கையெழுத்தோட வாங்குங்க. கண்ணாடிய சுவர்ல வச்சுப் பாக்காம மிச்ச காசு குடுக்காதீங்க, நான் குடுத்துட்டேன்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம்னு மாமா சொல்றாரு. பில்லும் அந்த ஏ4 பிரிண்டும் என்கிட்ட இருக்கு, அதுல அந்தப் பையன் பேனால போட்ட 23 x 100 = 2300ங்கறது அப்படியே இருக்கு. யாராவது இந்த மாதிரி கண்ணாடிக் கடை மேல கேஸ் போட்டிருந்தா என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு கீழ சொல்லுங்க, திங்கக்கிழமை போறேன்.