காலை எட்டு மணி மந்தம்: ஸ்டீல் டைமைத் தொடர்ந்து அளந்த அனுபவம்

சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களுக்கு சர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் இரண்டு விசிபியு கொண்ட வாடகை விஎம்கள், அதாவது மெய்நிகர் சர்வர்கள். ஆர்டர் எடுக்கும் தளம், கணக்கு மென்பொருள், டியூஷன் சென்டர் பதிவு இப்படி. `top` திரையில் சிபியு வரியின் கடைசியில் `st` என்று ஒன்று நிற்கும். அதுதான் ஸ்டீல் டைம். சில ஆண்டுகளாக நான் பார்க்கும் எல்லா விஎம்களிலும் நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பதிந்து வருகிறேன். "சர்வர் ஸ்லோ" என்று யாராவது கூப்பிட்டால் முதலில் திறப்பது அந்தப் பதிவைத்தான். ஆனால் `st` எண்ணை அப்படியே வாசித்தால் ஏமாந்துவிடுவோம். எப்படி வாசிப்பது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் அது எதை அளக்கிறது என்பது. நம் விசிபியு என்பது ஹோஸ்ட் மெஷினில் ஓடும் ஒரு த்ரெட். அந்த ஹோஸ்டில் பக்கத்து வாடகைக்காரர்களின் விசிபியுக்களும் இருக்கும். மொத்த விசிபியுக்கள் நிஜ கோர்களைவிட அதிகமாக இருப்பது ஷேர்டு திட்டங்களில் சகஜம். நம் விசிபியு ஓடத் தயாராக இருந்தும் நிஜ கோர் கிடைக்காமல் ஹோஸ்டின் வரிசையில் நின்ற நேரம்தான் ஸ்டீல். கேவிஎம்மில் ஹோஸ்ட் அந்த நேரத்தைக் கணக்கிட்டு, நம் விஎம்மோடு பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் எழுதி வைக்கும். லினக்ஸ் அதை எடுத்து `/proc/stat`-இல் எட்டாவது எண்ணாகக் காட்டும்.

"ஓடத் தயாராக இருந்தும்" என்ற நிபந்தனையை மறக்கக் கூடாது. தேக்கா சென்டரில் பிரியாணிக்கு வரிசையில் நின்றவனுக்குத்தான் கூட்டம் எவ்வளவு என்று தெரியும்; பசியில்லாமல் வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. நம் விஎம் சும்மா இருந்தால், பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் `st` பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். அதனால் "ராத்திரி மூன்று மணிக்கு ஸ்டீல் இல்லை, ஆகவே அப்போது ஹோஸ்ட் அமைதி" என்ற முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை.

நான் பார்ப்பது விகிதம். கேட்ட சிபியுவில் எத்தனை பங்கு மறுக்கப்பட்டது என்ற கணக்கு. அதாவது ஸ்டீலை, ஸ்டீலும் நாம் உண்மையில் ஓடிய நேரமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பது. சும்மா இருந்த நேரமும் டிஸ்குக்காகக் காத்த நேரமும் இதில் சேராது. பதிவு செய்யும் ஸ்கிரிப்ட் இவ்வளவுதான், ஒவ்வொரு நிமிடமும் கிரானில் ஓடும்:

```
#!/bin/sh
read x u n s i w h q st x < /proc/stat
sleep 55
read x u2 n2 s2 i2 w2 h2 q2 t2 x < /proc/stat
b=$((u2+n2+s2+h2+q2-u-n-s-h-q))
echo "$(date -u +%FT%TZ) busy=$b steal=$((t2-st))"
```

எண்கள் டிக்கில் வரும். வழக்கமான லினக்ஸில் நொடிக்கு நூறு டிக். கீழே சொல்லும் கணக்குகளை வசதிக்காக முழு நிமிடத்துக்கு மாற்றியிருக்கிறேன். இரண்டு விசிபியுவுக்கு நிமிடத்துக்கு 12000 டிக். இதோடு வெப் சர்வரின் பதிவிலிருந்து அந்த நிமிடத்தில் வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து வைப்பேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

சிராங்கூன் ரோடு பக்கம் மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு போடும் ஒருவர் என் வாடிக்கையாளர். லாரி கிளம்புவதற்கு முன் கடைக்காரர்கள் ஆர்டர் போடுவது காலை எட்டிலிருந்து எட்டரைக்குள். "தம்பி, எட்டு மணியானா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்குது. பெரிய சர்வருக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, ஏனென்றால் எட்டு மணிக்கு அவருடைய சொந்தக் கூட்டம் உண்மையிலேயே வருகிறது. லோட் ஆவரேஜும் அப்போது ஏறுகிறது. ஆனால் லோட் ஆவரேஜ் இந்த வழக்கில் சாட்சி சொல்லாது. கோர் கிடைக்காமல் புரோசஸ்கள் மெதுவாக முடிந்தால், வேலை கூடாமலேயே உள்வரிசை நீளும், லோட் ஏறும். `vmstat`-இன் `r` பத்திக்கும் இதே கதிதான்.

எட்டு மணிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சிங்கப்பூரின் காலை எட்டு என்பது யூடிசியில் நள்ளிரவு. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் ஓடுகின்றன. தினசரி பேக்கப், அறிக்கை தயாரிப்பு என்று 00:00-க்குப் போட்டு வைத்த வேலைகள் எல்லாம் ஒன்றாகக் கண் விழிக்கும் நேரம் அது. பக்கத்து வீட்டில் மட்டும் என்றில்லை. நம் மெஷினிலேயே `logrotate.timer` தினசரி என்று இருந்தால் அதுவும் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்பும். ஆக, சொந்தக் கூட்டம், சொந்தப் பராமரிப்பு வேலை, அண்டை வீட்டு இரைச்சல், மூன்றும் ஒரே நேரத்தில். கடிகாரத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

பதிவிலிருந்து இரண்டு நிமிடங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலை 8:05-இல் வந்த கோரிக்கைகள் 238, busy 3590, steal 2410. அதே நாள் 11:30-இல் கோரிக்கைகள் 484, busy 7260, steal 350.

`top` பார்த்திருந்தால் 8:05-இல் `st` 20 என்றும், பாதி சிபியு சும்மா இருப்பதாகவும் தெரிந்திருக்கும். பாதி காலியாக இருக்கும் மெஷினில் இருபது சதவீதம் பெரிய விஷயமாகப் படாது. விகிதம் போட்டால் கதை மாறுகிறது: 2410-ஐ 6000-ஆல் வகுத்தால் 40 சதவீதம். கேட்ட சிபியுவில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 11:30-இல் இரண்டு மடங்கு வேலை நடந்தும் 4.6 சதவீதம்தான். சொந்தக் கூட்டம்தான் காரணம் என்றால் வேலை அதிகமான நேரத்தில்தான் நிலைமை மோசமாகியிருக்க வேண்டும்.

இங்கேதான் கோரிக்கை எண்ணிக்கை உதவுகிறது. ஒரு கோரிக்கைக்கு எத்தனை டிக் செலவாகிறது என்று பார்த்தால் இரண்டு நேரத்திலும் பதினைந்துதான். எட்டு மணிக்கு நம் பக்கத்தில் பேக்கப்போ லாக் சுருக்குவதோ பெரிதாக ஓடியிருந்தால், கோரிக்கை குறைவாக இருக்கும்போது அந்தச் செலவு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். அப்படி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு இரைச்சல்தான் என்று அந்த அளவில் முடிவு செய்தேன். ஒரே ஒரு நாளை நம்பவில்லை; ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது, ஆர்டரும் குறைவு. அன்றைக்கும் எட்டு மணிக்கு விகிதம் அதே உயரத்துக்குப் போனது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஞாயிறு மாதிரி வேலை குறைந்த நேரங்களில் அளக்க ஒரு சின்னச் சுமையை நாமே கொடுக்கலாம். நான் `timeout 5 openssl speed sha256` மாதிரி ஒன்றை, பதிவு ஓடும்போதே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை விடுகிறேன். ஐந்து நொடி போதும். சும்மா இருக்கும்போது கிரெடிட் சேர்த்து, வேலை வரும்போது அதைச் செலவழித்து ஓடும் பர்ஸ்ட் திட்டத்தில் இருப்பவர்கள் இதை அடிக்கடி விட வேண்டாம், கிரெடிட்டைத் தின்னும்.

பர்ஸ்ட் திட்டம் என்றதும் முக்கியமான ஒரு குழப்பம் வருகிறது. அமேசானின் t2 வகை போன்றவற்றில் கிரெடிட் தீர்ந்ததும் ஹோஸ்டே நம்மை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். அந்த நிறுத்தமும் ஸ்டீலாகவே கணக்கில் வரும். அண்டை வீட்டார் ஒரு தவறும் செய்யவில்லை, வாங்கிய அளவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இதை அடையாளம் காண்பது எளிது. `t2.medium`-க்கு அடிப்படை அளவு விசிபியு ஒன்றுக்கு 20 சதவீதம். அதாவது நிமிடத்துக்கு 2400 டிக். கிரெடிட் தீர்ந்தால் busy அந்த 2400-ஐ ஒட்டிக் கோடு போட்டது போல நிற்கும். கூடுதல் கேட்பு முழுவதும் steal பக்கம் போய்ச் சேரும். அண்டை இரைச்சலில் இப்படிக் கோடு விழாது, busy நிமிடத்துக்கு நிமிடம் தாறுமாறாக ஏறி இறங்கும். மற்ற நிறுவனங்களின் மலிவுத் திட்டங்களிலும் சொல்லாமல் கொள்ளாமல் உச்சவரம்பு வைத்திருப்பதை இந்தக் கோட்டை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன்.

மளிகைக்காரர் விஷயத்தில் பெரிய சர்வர் வாங்க வேண்டாம் என்றேன். அதே ஷேர்டு வகையில் நான்கு விசிபியு எடுத்தால், அதே நெரிசலில் நான்கு பேராக வரிசையில் நிற்போம், வாடகை மட்டும் நிச்சயமாக இரட்டிப்பாகும். முதலில் விஎம்மை முழுக்க நிறுத்தி மறுபடி கிளப்பினேன். உள்ளிருந்து `reboot` அடித்தால் பொதுவாக அதே ஹோஸ்டில்தான் எழும்; நிறுவனத்தின் பேனலில் நிறுத்தி ஆரம்பித்தால் வேறு ஹோஸ்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. இந்த நிறுவனத்தில் அது நடக்கவில்லை, எட்டு மணி விகிதம் அசையவில்லை. பிறகு சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். "ஸ்லோவாக இருக்கிறது" என்று எழுதினால் வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததே: உங்கள் அப்ளிகேஷனைப் பாருங்கள். நான் அனுப்பியது யூடிசி நேரத்தோடு ஒரு வாரத்தின் busy, steal, கோரிக்கை எண்ணிக்கை மூன்றும். வேறு ஹோஸ்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எட்டு மணி விகிதம் ஐந்துக்குக் கீழே வந்தது. சில மாதம் கழித்து மறுபடி ஏறியபோது டெடிகேட்டட் விசிபியு திட்டத்துக்கு மாறிக்கொண்டோம். அப்போது அவரும் விலையைப் பற்றி முணுமுணுக்கவில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்பது தாளில் இருந்தது.

இந்த அளவீடு கைவிடும் இடங்களும் உண்டு. ஹோஸ்ட் சொன்னால்தான் நமக்கு ஸ்டீல் தெரியும். ஹைப்பர்-வி ஹோஸ்டுகள் லினக்ஸ் விஎம்முக்கு இதைச் சொல்வதில்லை, பூஜ்ஜியம்தான் வரும். புதிதாக எந்த விஎம் எடுத்தாலும் `systemd-detect-virt` அடித்து வகையைப் பார்த்துவிடுவேன். கேவிஎம் என்றால் பழைய கெர்னல்களில் `dmesg | grep -i stealtime` ஒரு வரியாவது காட்ட வேண்டும்; புதிய கெர்னல்கள் அந்த வரியை வழக்கமாக அச்சிடுவதில்லை. பழைய கெர்னலில் அது காட்டாவிட்டால் அங்கே வரும் பூஜ்ஜியத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, கோர் கிடைத்தும் வேகம் கிடைக்காத நிலை. ஒரே நிஜ கோரின் இரண்டு ஹைப்பர்த்ரெட்களில் ஒன்றில் நாம், மற்றொன்றில் அண்டை வீட்டார் என்றால், அல்லது அவர் கேஷையும் மெமரி பேண்ட்விட்த்தையும் அடைத்துக்கொண்டால், நாம் வரிசையில் நிற்பதே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம், மெதுவாக. `st` பூஜ்ஜியம், busy மட்டும் ஏறும். `top` பார்ப்பவருக்கு இது அச்சு அசல் சொந்த லோடு போலவே இருக்கும். கோரிக்கைக்குப் பதினைந்து டிக் என்பது, புதிய வெளியீடு எதுவும் போடாத நாளில், எட்டு மணிக்கு மட்டும் இருபத்திரண்டாக ஏறினால் நான் இதைத்தான் சந்தேகிப்பேன். அந்த நேரத்தில் `openssl speed` காட்டும் வேகத்தை மதியத்து வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஆனால் அந்தச் சோதனை கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ஹைப்பர்த்ரெட் நெரிசலைத்தான் ஓரளவு பிடிக்கும். மெமரி நெரிசல் அதில் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு டேட்டாபேஸில் எப்போதும் ஒரே அளவு வேலை செய்யும் ஒரு வினவலின் நேரத்தைத்தான் தனியாகப் பதிந்து வருகிறேன்.