மூன்று வருஷம் பட்டியல் வழிகாட்டியோடு: ஒரு ஆத்தங்குடி கல் கடையின் அனுபவம்

தேவகோட்டையில் பித்தளைச் சாமான் கடைக்கு இணையத்தளம் செய்துகொண்டிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க கல் கடைத் தளத்துல, நிக்கிற இடத்துக்கான வழியைக் காட்டுற பிரட்கிரம்பையும் பக்க எண்களையும் அப்படியே எடுத்துக்கட்டுமா?" எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான், அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

காரைக்குடியில் ஒரு கடை. ஆத்தங்குடிப் பட்டறையில் வார்க்கும் கல்லை விற்கிறார்கள். 212 டிசைன், பக்கத்துக்குப் பன்னிரண்டு, ஆக 18 பக்கம். தளம் நான் செய்தது. தினமும் அதிக நேரம் அதைப் பயன்படுத்துகிறவர் வாடிக்கையாளர் அல்ல, கடையில் போனில் ஆர்டர் எடுக்கும் அக்கா. அவருக்குப் பார்வை இல்லை. ஒரு காதில் போன், இன்னொரு காதில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ. கேட்கிறவர் சொல்லும் டிசைனைத் தேடிப் பிடித்து, "பக்கம் இத்தனை, வரிசையில் இத்தனையாவது" என்று சீட்டு எழுதவைத்துப் பட்டறைக்கு அனுப்புவார். டிசைனுக்குத் தனி எண் கொடுங்கள் என்று முதலாளியிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அது வேறு கதை.

பிரட்கிரம்பைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. முகப்பு, தரைக்கல், பூ டிசைன் என்று மூன்றே படி. வரிசை முக்கியம் என்பதால் வரிசைப் பட்டியலான `<ol>`, கடைசி இணைப்பில், நிற்கும் பக்கம் இதுதான் என்று காதுக்குச் சொல்லும் `aria-current="page"` குறிப்பு. ஒரே ஒரு தடவை தவறு செய்தேன். நடுவில் வரும் சாய்கோட்டை சிஎஸ்எஸ்ஸில் `::after` வழியாகப் போட்டால் காதில் விழாது என்று நம்பியிருந்தேன். "முகப்பு ஸ்லாஷ் தரைக்கல் ஸ்லாஷ்" என்று படித்தது. எழுத்தை எடுத்துவிட்டு, `border` கொண்டு சாய்வாக ஒரு கோடு வரைந்ததும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

என் எரிச்சல் எல்லாம் பக்க எண்களின் மேல்தான்.

முதல் வருஷம் ஒவ்வொரு பக்கமும் சர்வரிலிருந்து முழுசாக வந்தது. அக்கா D விசையை அழுத்திப் பகுதி பகுதியாகத் தாவி வருவார். "பக்க எண்கள், நேவிகேஷன் லேண்ட்மார்க், லிஸ்ட்" என்று சொல்லும். உள்ளே போனால் எந்த எண்ணில் "கரண்ட் பேஜ்" என்று வருகிறதோ அதுதான் நிற்கும் பக்கம். எழுதியது இவ்வளவுதான்:

```html
<nav aria-label="பக்க எண்கள்">
  <ul>
    <li><a href="?page=6" aria-label="பக்கம் 6">6</a></li>
    <li><a href="?page=7" aria-label="பக்கம் 7"
           aria-current="page">7</a></li>
  </ul>
</nav>
```

இரண்டாம் வருஷம் கை சும்மா இருக்காமல், பக்கம் முழுசாக வராமல் கல் படங்கள் மட்டும் மாறும்படி ஜாவாஸ்கிரிப்டில் மாற்றினேன். எண்களையும் சுருக்கினேன். முந்தையது, 1, மூன்று புள்ளி, நிற்கும் பக்கமும் இருபுறம் இரண்டிரண்டும், மறுபடி மூன்று புள்ளி, 18, அடுத்தது. செல்போனில் ஒரே வரியில் அடங்கியது. முதலாளிக்கு சந்தோஷம்.

பட்டியலைப் புதிதாகக் கட்டும் அந்த நிரலில் நிற்கும் எண்ணுக்கு `active` என்ற கிளாஸை மறக்காமல் போட்டேன். `aria-current`-ஐ மறந்துவிட்டேன். திரையில் 7 தடித்துத் தெரிந்தது, சோதித்துப் பார்த்த நானும் அதைக் கண்டு திருப்தியாகப் போய்விட்டேன். அந்தக் குறிப்பு காதுக்கு மட்டுமே உரியது. இல்லாமல் போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அக்காவுக்கு நடந்தது இது. 7 என்ற இணைப்பை அழுத்துகிறார். பட்டியல் முழுவதும் அழிந்து புதிதாக வருவதால் அவர் நின்ற இணைப்பே இல்லாமல் போய், அவர் நிற்கும் இடமான ஃபோகஸ், பக்கத்தின் தலைக்குப் போகிறது. D அழுத்தித் திரும்ப வருகிறார். இப்போது எங்கேயும் "கரண்ட் பேஜ்" இல்லை. முதலில் கேட்கிற எண், "லிஸ்ட் வித் 11 ஐட்டம்ஸ்".

எண்ணிப் பாருங்கள். முந்தையது, 1, புள்ளி, 5, 6, 7, 8, 9, புள்ளி, 18, அடுத்தது. பதினொன்று. 5ஆம் பக்கத்திலிருந்து 14 வரை எங்கே நின்றாலும் பதினொன்றுதான் சொல்லும். போனில் ஆள் காத்திருக்க, அந்தப் பதினொன்றைப் பக்க எண் என்று எடுத்துக்கொண்டு, "பக்கம் 11, மூன்றாவது" என்று சீட்டு எழுதவைத்துவிட்டார். வேண்டியது ஏழாம் பக்கத்து மஞ்சள் கல். பட்டறையில் 250 சிவப்புக் கல்லைக் கண்ணாடியில் வார்த்து, தண்ணீர்த் தொட்டியிலும் போட்டுவிட்டார்கள்.

"தம்பி, பக்கம் எத்தனைன்னு அது சொல்றதையே நிப்பாட்டிருச்சு. நாந்தான் என் காதுலதான் கோளாறுன்னு நினைச்சேன்" என்றார். அதைக் கேட்டபோது வந்த கூச்சம் இன்னும் போகவில்லை.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. `active` கிளாஸை அடியோடு தூக்கினேன். தடிமனும் அடிக்கோடும் குறிப்பிலிருந்தே வரட்டும் என்று மாற்றினேன்:

```css
nav a[aria-current="page"] {
  font-weight: 700;
  border-bottom: 3px solid;
}
```

இனி குறிப்பு விட்டுப்போனால் திரையிலும் எண் தடிக்காது, முதலாளியே போன் போட்டுத் திட்டுவார். மூன்று வருஷத்தில் இதில் நான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான். நண்பரே, வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். `="page"` என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் வெறும் `[aria-current]` என்று எழுதினேன். மற்ற எண்களுக்கெல்லாம் என் நிரல் `aria-current="false"` போட்டுக்கொண்டிருந்தது, எல்லா எண்ணும் தடித்துவிட்டது. அக்காவுக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. முதலாளிக்குத்தான் பத்து நிமிஷத்தில் கண்ணைக் குத்தியது. நியாயம்தான், முன்னே அக்கா மட்டும் மாட்டிக்கொண்டபோது அவர் தப்பித்தார்.

ஃபோகஸுக்கு, கல் படங்களுக்கு மேலே உள்ள தலைப்பில் `tabindex="-1"` வைத்து, பக்கம் மாறியதும் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறேன். தலைப்பு "பூ டிசைன், பக்கம் 7, மொத்தம் 18" என்று இருக்கும். அக்கா இப்போது பட்டியலுக்குள் போவதேயில்லை, தலைப்பைக் கேட்டாலே போதும் என்கிறார்.

அந்தப் பதினொன்று மட்டும் தீரவில்லை. பட்டியலில் போட்டதே எத்தனை என்று காதுக்குத் தெரியத்தான். புள்ளி வைத்துச் சுருக்கியதும் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. இதில் குறை பட்டியலுடையது அல்ல, சுருக்கிய என்னுடையது. தெரிந்தும் ஒவ்வொரு தடவை "லிஸ்ட் வித் 11 ஐட்டம்ஸ்" என்று கேட்கும்போதும் கோபம் பட்டியலின் மேல்தான் வருகிறது.

பதினெட்டையும் விரித்துப் போடலாம். செல்போனில் இரண்டு வரி ஆகும், அவ்வளவுதான். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, "அசிங்கமா இருக்கு" என்கிறார்.

ஆக, நண்பருக்கு என் பதில்: பிரட்கிரம்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். `aria-current` அருமையான சாமான், வேலை கச்சிதம். பக்க எண்களை எடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பதே நாற்பது குத்துவிளக்கு, நாலு பக்கமாகப் பிரிப்பானேன், ஒரே பக்கத்தில் அடுக்கிவிடுங்கள்.