128 வெள்ளி மாத அட்டை யாருக்குக் கட்டுப்படியாகும்?

சிங்கப்பூரில் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்த் திரும்புவதற்காக மட்டும் மாதப் பயண அட்டை வாங்கினால் எந்தப் பெரியவருக்கும் அது கட்டுப்படியாகாது. வீடு எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இதே நிலைதான். அந்த அட்டையைப் பல மாதங்கள் வைத்திருந்தும், பிறகு பல மாதங்கள் பயணத்துக்குப் பயணம் பணம் செலுத்தியும் பார்த்தபின் இதைச் சொல்கிறேன். "தினமும் ரயிலில் போகிறாய், மாத அட்டை வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு யாராவது ஆலோசனை சொல்வதை இன்றும் கேட்கிறேன். அந்தப் புதியவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரியவர்களுக்கான மாதப் பயண அட்டைக்கு நான் கொடுத்த விலை 128 வெள்ளி; கணக்கு முழுவதும் அந்த விலையை வைத்தே. அதை வைத்துக்கொண்டு அடிப்படைப் பேருந்துச் சேவைகளிலும் எம்ஆர்டி, எல்ஆர்டி ரயில்களிலும் ஒரு மாதம் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். மறுபக்கம் தனித்தனிப் பயணக் கட்டணம். ரயில் நிலையத்தில் ஒற்றைப் பயண டிக்கெட் வாங்கும் முறை 2022-லேயே முடிந்துவிட்டது. இப்போது ஈஸி-லிங்க் அட்டையையோ வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டிவிட்டுப் போகிறோம். தூரத்துக்கு ஏற்ற கட்டணம் கழிகிறது. பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் கூடுதலாகும் என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கீழே வரும் கட்டணங்கள் எல்லாம் 2024 டிசம்பர் 28 முதல் நடப்புக்கு வந்தவை, அதாவது 2025-இல் நான் செலுத்தியவை. கட்டணம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்படுகிறது. எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் விதம் மாறாது.

அந்தக் கட்டணத்தின்படி 3.2 கிலோமீட்டர் வரை 1.19 வெள்ளி. 40.2 கிலோமீட்டரைத் தாண்டிய மிக நீண்ட பயணத்துக்கு 2.47 வெள்ளி. தூரம் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கூடினாலும் கட்டணம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. மாத அட்டை ஏன் பலருக்கு உதவுவதில்லை என்பதற்கான முதல் காரணம் இதுதான். 2.47 வெள்ளி கொடுப்பவரையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4.94 வெள்ளி, 22 வேலை நாளுக்கு 108.68 வெள்ளி. மாத அட்டையின் விலையை எட்ட இன்னும் 19 வெள்ளிக்கு மேல் வேண்டும். மாதத்தில் 23 வேலை நாள் வந்தாலும் 113.62 வெள்ளிதான். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவராக இருந்து, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் 26 நாள் போனால் 128.44 வெள்ளி ஆகும். அதாவது, தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறவருக்கே மிச்சம் 44 காசு. இடையில் ஒரு பொது விடுமுறை வந்தால் அதுவும் போய்விடும்.

கட்டுப்படியாகும் எல்லையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். 128-ஐ உங்கள் ஒருவழிக் கட்டணத்தால் வகுத்து, விடையை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். அத்தனை பயணங்களைத் தொட்ட பிறகுதான் மாத அட்டை உங்கள் பக்கம் சாயத் தொடங்கும். நான் யீஷூனில் வீட்டுக்கு அருகே பேருந்து ஏறி, ரயில் மாறி, ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குகிறேன். தூரம் 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல், கட்டணம் 2.23 வெள்ளி. 128-ஐ 2.23-ஆல் வகுத்தால் 57.4 வருகிறது, அப்படியென்றால் 58 பயணங்கள். வேலைக்குப் போய் வருவதில் கிடைப்பதோ 44 பயணங்கள்தான், 98.12 வெள்ளி. இடைவெளி 29.88 வெள்ளி.

எனவே நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, வேலையைத் தவிர்த்த மற்ற போக்குவரத்துக்கு மாதம் 29.88 வெள்ளி செலவழிக்கிறேனா என்பதுதான். ஒரு நல்ல மாதத்தை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறுதோறும் தேக்காவுக்குப் போய் வந்தால் ஒருவழிக்கு 2.17 வெள்ளி, நான்கு ஞாயிறுக்கு 17.36. மாலையில் அக்கம்பக்கத்து நூலகத்துக்கோ சமூக மன்றத்துக்கோ ஆறு முறை குறுகிய தூரம் போய் வந்தால் 14.28. வேலைப் பயணத்தோடு சேர்த்து 129.76 வெள்ளி. மாத அட்டை எனக்கு மிச்சப்படுத்தும் தொகை 1.76 வெள்ளி. ஆனால் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் 8.92 வெள்ளிப் பயணம் குறைந்துவிடும். கணக்கு உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களும் அப்படித்தான். வாரம் ஒரு நாள் அலுவலகம் போகாதவர் இந்தக் கணக்கைத் தொடங்கவே வேண்டாம்.

காலைச் சலுகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வார நாள்களில் காலை 7.45 மணிக்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டி நுழைந்தால் ரயில் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். சீக்கிரம் கிளம்பும் பழக்கம் உள்ளவருக்கு 22 நாளில் 11 வெள்ளி வரை மிச்சம். என் பயணத்தில் வேலைச் செலவு 98.12-இலிருந்து 87.12 ஆகிறது, இடைவெளி 40.88 ஆக விரிகிறது. மாத அட்டை வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகையால் எந்தப் பலனும் இல்லை, ஏனென்றால் குறைப்பதற்கு அங்கே கட்டணமே இல்லை.

அடுத்தது, பயணங்களை எண்ணும் விதம். வீட்டிலிருந்து ஒரு பேருந்து, பிறகு ரயில், இறங்கி இன்னொரு பேருந்து என்று மூன்று முறை தட்டுகிறோம். ஆகவே தினமும் ஆறு பயணம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2010 ஜூலையில் தூர அடிப்படைக் கட்டணம் வந்ததிலிருந்து அது அப்படி இல்லை. ஒரு வாகனத்திலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகவே கணக்கிடப்படும். ஐந்து முறை வரை மாறலாம். முழுப் பயணமும் இரண்டு மணி நேரத்துக்குள் அமைய வேண்டும். வீடு திரும்பும் வழியில் ரயிலிலிருந்து இறங்கி, காய்கறி வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் பேருந்து ஏறினால்கூடப் பயணம் முறியாது. கடைக்குப் போன அதே எண் பேருந்திலேயே திரும்பினால் முறியும்; அது புதிய பயணம். அதேபோல், பேருந்தில் கைப்பேசியையும் ரயிலில் வங்கி அட்டையையும் தட்டுகிறவருக்கு இரண்டும் தனித்தனிப் பயணங்களாகக் கழியும். மாதச் செலவு எதிர்பாராமல் கூடியிருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்ய மாத அட்டை தேவையில்லை, எப்போதும் ஒன்றையே தட்டினால் போதும்.

மாத அட்டை கையில் இருந்த காலத்தில் என் பழக்கம் மாறியதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிறுத்தத்துக்குப் பேருந்து ஏறினேன். மழைத் தூறல் விழுந்தால் யோசிக்காமல் ஏறினேன். அந்தச் சுதந்திரம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பயணங்களை எல்லாம் 1.19 வெள்ளியாகக் கூட்டி "இவ்வளவு மிச்சம்" என்று காட்டினால் கணக்கு பொய்யாகிவிடும். அட்டை இல்லாவிட்டால் அந்தத் தூரத்தை நடந்தே போயிருப்பேன். ஆகையால் ஒப்பிடும்போது, காசு கொடுத்தாவது போயிருப்பேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பயணங்களை மட்டுமே எண்ணுங்கள். மாத அட்டை இல்லாத ஒரு சாதாரண மாதத்தின் செலவை சிம்ப்ளிகோ செயலியில் எடுத்துக் கூட்டிப் பார்ப்பதுதான் இதற்குச் சிறந்த வழி. தீபாவளிக்கு முந்தைய மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேக்காவுக்கு அலைவதில் அந்த மாதச் செலவு எல்லாருக்கும் கூடியிருக்கும். அட்டை ஒருவருக்கு மட்டுமே உரியது என்பதால் கூட வரும் குடும்பத்தினரின் கட்டணத்தையும் இதில் சேர்க்கக் கூடாது.

குறைந்த வருமான ஊழியர்களுக்கான வேலைநலன் போக்குவரத்துச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாத அட்டை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. விலை குறைவாகத் தெரிந்தாலும் கணக்குப் போடும் விதம் அதேதான். அவர்களுடைய ஒற்றைப் பயணக் கட்டணமும் குறைவு.  அதனால் அவர்களும் தங்கள் அட்டையின் விலையைத் தங்கள் ஒருவழிக் கட்டணத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இந்த அட்டை யாருக்கு? ஒரே நாளில் பல இடங்களுக்குப் போய், ஒவ்வோர் இடத்திலும் 45 நிமிடத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு. எங்கள் புளோக்கில் ஓர் அக்கா வீடுகளுக்குப் போய்த் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறார். ஒரு நாளில் மூன்று வீடு. ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். வீடு திரும்புவதையும் சேர்த்தால் நான்கு பயணங்கள், எதுவும் மற்றொன்றோடு இணையாது. ஒரு பயணத்துக்குச் சராசரியாக 1.50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 6 வெள்ளி, 22 நாளுக்கு 132 வெள்ளி. அங்கேயே எல்லையைத் தாண்டிவிடுகிறார். நான்கு சனிக்கிழமைகளையும் சேர்த்தால் 156 வெள்ளி. மாத அட்டையால் 28 வெள்ளி மிச்சம். தூரம் என்னுடையதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அட்டை அவருக்கு உதவுகிறது, எனக்கு உதவவில்லை.

அவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "தம்பி, நான் வருடம் முழுவதும் வாங்குவதில்லை. நவம்பர் நடுவில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் வகுப்பைக் குறைத்துக்கொள்வார்கள். வாரத்தில் எட்டு, பத்துப் பயணத்துக்கு 128 வெள்ளி எதற்கு? அப்போது சும்மா தட்டிக்கொண்டு போவேன். ஜனவரியில் வகுப்பு தொடங்கும் நாளுக்கு மறுபடியும் வாங்கிக்கொள்வேன்" என்றார். ஜூன் விடுமுறைக்கும் அவர் இதே முறையைத்தான் வைத்திருக்கிறார்.