காரைக்குடி வங்கியில் ஆச்சியின் கழித்தல் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனபோது, வீட்டு மேற்கூரை வேலைக்காக ஆச்சி ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தார். காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் அவருக்கு ஐந்து லட்ச ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. அதன்மேல் தொண்ணூறு சதவீதம், அதாவது 4,50,000 ரூபாய் வரை எடுக்க வரம்பு கொடுத்திருக்கிறார்கள். வைப்புநிதிக்கு வட்டி 7 சதவீதம், எடுத்த பணத்துக்கு 8 சதவீதம். ஓட்டு வேலைக்காரருக்குக் கொடுக்க வைப்புநிதியை உடைக்காமல் இந்த வழியைப் பிடித்தது நல்ல யோசனைதான்.

ஆனால் ஏ.டி.எம். சீட்டில் 3,69,211 என்று இருந்தது. கைபேசிச் செயலியில் -80,789 என்று இருந்தது. "தம்பி, இதில் எது என் பணம்?" என்று கேட்டார். இரண்டுமே இல்லை. முதலாவது, வரம்பில் இன்னும் எடுக்க மிச்சமிருப்பது. இரண்டாவது, வங்கிக்கு அவர் தர வேண்டியது. வரம்பு என்பது இருப்பு அல்ல. கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது, எடுக்க எடுக்கக் கீழே இறங்குகிறது. அதனால்தான் கழித்தல் குறி. பாஸ்புக்கில் அதே தொகைக்குப் பக்கத்தில், பற்று, அதாவது வங்கிக்குத் தர வேண்டியது என்பதைக் குறிக்க, Dr என்று அச்சிட்டிருந்தார்கள். கழித்தல் குறியை விட்டுவிட்டு இரண்டு எண்களையும் கூட்டினால் 4,50,000 வருகிறதா என்று பார்த்தால் போதும், கணக்கு சரி.

கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாக வட்டிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினார். வரம்புக்கு வட்டி இல்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு பற்று நிற்கிறதோ அதற்கு மட்டும்தான். ஆச்சி ஜூன் 1ஆம் தேதி இரண்டு லட்சம் எடுத்தார். 11ஆம் தேதி வாடகையும் நான் அனுப்பிய பணமுமாக 1,20,000 வரவானது. ஆக, பத்து நாள் இரண்டு லட்சம், இருபது நாள் எண்பதாயிரம். தொகையை நாளால் பெருக்கினால் இருபது லட்சமும் பதினாறு லட்சமும். கூட்டினால் முப்பத்தாறு லட்சம். அதை 8ஆல் பெருக்கி, சதவீதத்துக்கு நூறும் ஆண்டுக்கு 365 நாளும் பெருக்கி வரும் 36,500ஆல் வகுத்தால் 789 ரூபாய். மாதக் கடைசியில் அதைக் கணக்கிலேயே பற்று வைத்துவிட்டார்கள். எண்பதாயிரம் 80,789 ஆனது இப்படித்தான். ஜூலையில் இந்த 789க்கும் சேர்த்தே வட்டி ஓடும்.

அந்த 1,20,000 சேமிப்புக் கணக்கில் கிடந்திருந்தால், இருபது நாளுக்கு 526 ரூபாய் கூடுதலாக வட்டி போயிருக்கும். சேமிப்புக் கணக்கு தரும் வட்டி அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது. ஆகவே வரும் பணத்தை நேரே ஓவர்டிராஃப்ட் கணக்கில் போடச் சொன்னேன். தேவைப்பட்டால் மறுநாளே எடுத்துக்கொள்ளலாம். காலையில் எடுத்து மாலைக்குள் கட்டினால் அந்தத் தொகைக்கு அன்றைய வட்டியே இல்லை. காசோலையாகப் போட்டால் மட்டும், பணம் வரவாகும் நாளிலிருந்துதான் வட்டி குறையும்.

ஆச்சிக்கு நான் வற்புறுத்திச் சொன்னது வைப்புநிதி முதிரும் தேதியை. அந்த வரம்பு வைப்புநிதியை நம்பி நிற்பது. முதிரும் நாளில் புதுப்பிக்காவிட்டால், வங்கி முதலில் பற்றை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தரும். தேதியைப் பாஸ்புக் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.